ஆம்ஃபெட்டமினும் கோகெய்னும் டோபமைனை என்ன செய்கின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பு மருந்தியல் வகுப்பில் ஊக்கிகள் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் எழுகின்றன. பாடம் முடிந்து வெளியே வந்த பிறகு கேட்பவர்கள் உண்டு, படிப்பே முடிந்த பிறகு செய்தி அனுப்பிக் கேட்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று எழுதியது இது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றின் மேல்தான் நிற்கின்றன. அதனால் முதல்முறை படிப்பவர்கள் வரிசையாகவே படியுங்கள்.

1. ரெண்டுமே டோபமைனைக் கூட்டுது. அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்?

கூட்டும் வழி வேறு. நரம்பு செல் தானாக வெளியே விட்ட டோபமைன் திரும்ப உள்ளே போகாமல் கோகெய்ன் தடுக்கிறது. ஆம்ஃபெட்டமின் செல்லுக்குள்ளேயே நுழைந்து, அங்கே சேமித்து வைத்திருந்த டோபமைனைக் கிளப்பி வெளியே தள்ளுகிறது. குழாய் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு தொட்டியில் வடிகாலை அடைத்தால் தண்ணீர் ஏறுமே, அதுதான் கோகெய்ன். குழாய் மூடியிருந்தாலும் வடிகால் வழியாகவே தண்ணீர் மேலே பொங்கி வந்தால் அது ஆம்ஃபெட்டமின்.

ஆகவே கோகெய்ன் வேலை செய்ய வேண்டுமானால் நரம்பு துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆம்ஃபெட்டமினுக்கு அந்தத் துடிப்பு தேவையில்லை. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை இதிலேயே இருக்கிறது.

2. மருந்து எதுவும் இல்லாதபோது டோபமைன் எப்படி வெளியே வருது, எப்படித் திரும்பப் போகுது?

டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நரம்பு முனையில் டோபமைன் தயாராகிறது. தயாரானதும் அது செல்லின் உட்திரவத்தில் அதிக நேரம் இருப்பதில்லை. சவ்வால் ஆன நுண்பைகளுக்குள் அது ஏற்றப்படுகிறது. ஏற்றும் புரதத்தின் பெயர் வீமாட்-2. நுண்பைக்கு வெளியே தங்கிவிடும் டோபமைனை மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி சிதைத்துவிடும்.

நரம்பில் மின்துடிப்பு ஒன்று முனைவரை வந்தால் கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அப்போது சில நுண்பைகள் செல்சவ்வோடு இணைந்து, உள்ளிருப்பதை வெளியே கொட்டுகின்றன. கொட்டிய டோபமைன் அக்கம்பக்கத்து செல்களின் ஏற்பிகளைத் தொடுகிறது. பிறகு அதை மீண்டும் உள்ளே இழுப்பது செல்சவ்வில் இருக்கும் டோபமைன் கடத்திப் புரதம். ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து இதை டாட் என்பார்கள். இந்தப் பக்கத்தில் நானும் அப்படியே சொல்கிறேன். ஒரு டோபமைன் மூலக்கூறை இழுக்கும்போது டாட் கூடவே இரண்டு சோடியம் அயனிகளையும் ஒரு குளோரைடு அயனியையும் உள்ளே கொண்டுவருகிறது. சோடியம் எப்போதும் வெளியே அதிகம், உள்ளே குறைவு. அந்த ஏற்றத்தாழ்வுதான் டாட் வேலை செய்வதற்கான ஆற்றலைத் தருகிறது. இந்த சோடியம் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆறாம் கேள்வியில் திரும்ப வரும்.

3. கோகெய்ன் டாட்ல போய் சரியா என்னதான் பண்ணுது?

டோபமைன் வந்து உட்காரும் அதே குழியில் உட்கார்ந்துகொள்கிறது. டாட் ஒரு சமயம் வெளிப்பக்கம் திறந்திருக்கும், இன்னொரு சமயம் உட்பக்கம் திறந்திருக்கும். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே மாறி மாறித்தான் அது டோபமைனை உள்ளே கடத்துகிறது. கோகெய்ன் உட்கார்ந்துவிட்டால் டாட் வெளிப்பக்கம் திறந்த நிலையிலேயே நின்றுவிடும். கோகெய்ன் உள்ளே போவதும் இல்லை, டோபமைனை உள்ளே விடுவதும் இல்லை. சற்று நேரத்தில் கழன்று போகிறது, வேறொன்று வந்து உட்காருகிறது.

அதாவது செல்லின் உள்ளே கோகெய்ன் எதையும் கலைப்பதில்லை. நுண்பைகள் அப்படியே இருக்கின்றன, துடிப்பு வரும்போது வழக்கம்போலத் திறக்கின்றன. வெளியே வந்த டோபமைன் மட்டும் போக வழியில்லாமல் நீண்ட நேரம் அங்கேயே சுற்றுகிறது.

4. ஆம்ஃபெட்டமினும் அதே குழியிலதான் உட்காருதாமே. அப்போ அது ஏன் வெறும் அடைப்பா நின்னுடல?

ஏனென்றால் டாட் அதைச் சரக்காகவே எடுத்துக்கொள்கிறது. ஆம்ஃபெட்டமினின் வடிவம் டோபமைனுக்கு மிக நெருக்கமானது: ஒரு பென்சீன் வளையம், அதிலிருந்து இரண்டு கார்பன் தள்ளி ஒரு நைட்ரஜன். கோகெய்ன் பருமனான மூலக்கூறு, அது உட்கார்ந்த பிறகு டாட் மூடிக்கொள்ள முடியாது. ஆம்ஃபெட்டமின் சிறியது. அது உட்கார்ந்தால் டாட் மூடி, திரும்பி, உட்பக்கம் திறந்து இறக்கிவிடுகிறது. கூடவே சோடியமும் இறங்குகிறது.

ஒட்டும் இடம் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பதுதான் நான் அதிகம் காணும் குழப்பம். கடத்திப் புரதங்களைப் பொறுத்தவரை எங்கே ஒட்டுகிறது என்பதைவிட ஒட்டிய பிறகு உள்ளே போகிறதா என்பதே பெரிய கேள்வி. போகாதவை தடுப்பான்கள், போகிறவை வெளித்தள்ளிகள். ஆம்ஃபெட்டமினுக்கு இன்னொரு வழியும் உண்டு. அது கொழுப்பில் ஓரளவு கரையும், அதனால் செறிவு அதிகமாகும்போது டாட் இல்லாமலேயே சவ்வைக் கடந்து உள்ளே ஊடுருவும்.

5. உள்ளே போன பிறகு நுண்பையை எப்படிக் காலி பண்ணுது? பை உடைஞ்சு போகுமா?

உடைவதில்லை. பையைப் பிடித்துவைத்திருக்கும் ஆற்றல் குலைகிறது. நுண்பையின் உட்பகுதி அமிலத்தன்மை கொண்டது, பிஎச் ஏறத்தாழ 5.5. செல்லின் உட்திரவமோ ஏறத்தாழ 7.2. ஒரு புரதம் ஏடிபியைச் செலவழித்து புரோட்டான்களைப் பைக்குள் தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் இந்த வேறுபாடு நிலைக்கிறது. வீமாட்-2 இரண்டு புரோட்டான்களை வெளியே விட்டு ஒரு டோபமைனை உள்ளே இழுக்கும். புரோட்டான் நெருக்கடி இருக்கும்வரைதான் டோபமைன் பைக்குள் தங்கும்.

ஆம்ஃபெட்டமின் ஒரு காரம், அதன் பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறுகள் மின்னூட்டத்தோடு இருக்கும் பிஎச், ஏறத்தாழ 9.9. கணக்குப் போட்டுப் பார்த்தால் பிஎச் 7.2 உள்ள உட்திரவத்தில் சுமார் 500 மூலக்கூறுகளில் ஒன்றுதான் மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். சவ்வை எளிதில் கடப்பது அந்த ஒன்றுதான். கடந்து பைக்குள் போனதும் அங்கே நிறைந்திருக்கும் புரோட்டான்களில் ஒன்றைப் பிடித்து மின்னூட்டம் பெற்றுவிடும், திரும்ப வெளியே வர முடியாது. வெளியே மீதமுள்ளவற்றில் இன்னொன்று மின்னூட்டம் இழந்து உள்ளே போகும். இப்படியே போய்க்கொண்டிருந்தால் பைக்குள் புரோட்டான்கள் தீர்ந்து அமிலத்தன்மை குறையும், டோபமைன் உட்திரவத்துக்குக் கசியும். டேவிட் சல்சரும் ஸ்டீபன் ரேபோர்ட்டும் 1990-ல் முன்வைத்த விளக்கம் இது.

இதுவே முழு விளக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமிலத்தன்மையை மட்டும் குலைக்கும் வேறு பொருள்களைக் கொடுத்தால் டோபமைன் அந்த அளவுக்குக் கசிவதில்லை. அமிலத்தன்மையை அசைக்காத குறைந்த செறிவிலும் ஆம்ஃபெட்டமின் பையிலிருந்து டோபமைனை வெளியேற்றுகிறது. காரணம், அது வீமாட்-2 மேலும் நேரடியாக உட்கார்ந்து டோபமைனோடு போட்டி போடுகிறது. குறைந்த செறிவில் இந்தப் போட்டியும் அதிக செறிவில் அமிலக் குலைவும் கை ஓங்குகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

6. டாட் உள்ளே இழுக்கிற பம்ப்தானே? அது எப்படித் திசை மாறும்?

டாட் இயல்பிலேயே இருபக்கமும் திறக்கும் புரதம்தான். அதை உள்ளே இழுக்க வைப்பது சூழல்: வெளியே சோடியம் அதிகம், உட்திரவத்தில் டோபமைன் மிகக் குறைவு. ஆம்ஃபெட்டமின் இந்தச் சூழலைப் பல முனைகளில் மாற்றிவிடுகிறது. நுண்பையிலிருந்து கசிந்ததால் உட்திரவத்தில் டோபமைன் ஏறிவிட்டது. மோனோஅமைன் ஆக்சிடேஸை ஆம்ஃபெட்டமின் ஓரளவு தடுப்பதால் சிதைவும் குறைவு. ஆம்ஃபெட்டமினோடு சேர்ந்து சோடியமும் உள்ளே வந்திருக்கிறது. இன்னொன்று, ஆம்ஃபெட்டமினை இறக்கிவிட்ட டாட் அந்தக் கணத்தில் உட்பக்கம் திறந்து, காலியாக நிற்கிறது. பக்கத்தில் டோபமைன் தாராளமாக இருக்கிறது. அதை ஏற்றிக்கொண்டு வெளிப்பக்கம் திரும்புகிறது. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்ற பண்டமாற்று.

ஆனால் செல் தன் பங்குக்கும் ஒன்று செய்கிறது. டாட் புரதத்தின் ஒரு நுனி செல்லுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். ஆம்ஃபெட்டமின் வந்தால் செல்லின் கைனேஸ் நொதிகள் அந்த நுனியில் பாஸ்பேட் குழுக்களைச் சேர்க்கின்றன. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் அந்த நுனியின் முதல் 22 அமினோ அமிலங்களை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். டோபமைனை உள்ளே இழுக்கும் வேலை பழையபடி நடந்தது, ஆம்ஃபெட்டமின் தூண்டும் வெளித்தள்ளல் மட்டும் ஏறத்தாழ 80% குறைந்துவிட்டது. உள்ளே இழுப்பதும் வெளியே தள்ளுவதும் ஒரே எந்திரத்தின் முன்னும் பின்னும் மட்டும் என்றால் ஒன்றை விட்டு ஒன்று கெட்டிருக்காது. அதனால்தான் வெறும் பண்டமாற்று என்ற விளக்கத்தோடு நிறுத்திக்கொள்வது போதாது என்கிறேன்.

7. இதெல்லாம் படமா வரையலாம் சார், நிஜமா இப்படித்தான் நடக்குதுன்னு எப்படித் தெரியும்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. ஒவ்வொரு படியாகத் துண்டித்துப் பார்த்தால் தெரியும். ஓர் எலியின் மூளையில், டோபமைன் நரம்புகள் வந்து முடியும் ஸ்ட்ரையேட்டம் பகுதியில், நுண்துளைகள் கொண்ட மிக மெல்லிய குழாய் ஒன்றை வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். அதன் வழியே திரவம் மெதுவாக ஓடும். செல்களுக்கு வெளியே இருக்கும் டோபமைனில் கொஞ்சம் அந்தத் திரவத்துக்குள் வரும், அதைச் சேகரித்து அளக்கலாம். இதை மைக்ரோடயாலிசிஸ் என்பார்கள்.

முதல் துண்டிப்பு மின்துடிப்பு. குழாய் வழியே டெட்ரோடோடாக்சின் செலுத்துகிறோம். பலூன் மீனின் நஞ்சு இது, சோடியம் வாயில்களை அடைத்து நரம்புத் துடிப்பை நிறுத்திவிடும். துடிப்பு நின்றதும் வெளியே உள்ள டோபமைனின் அடிப்படை அளவே வெகுவாக விழுந்துவிடுகிறது. இப்போது கோகெய்ன் கொடுத்தால் ஏற்றம் இல்லை. வெளியே எதுவும் வரவில்லை, அதனால் திரும்பிப் போவதைத் தடுத்தும் பயனில்லை. ஆம்ஃபெட்டமின் கொடுத்தால் டோபமைன் ஏறுகிறது, துடிப்பு நின்றதை அது பொருட்படுத்துவதே இல்லை. திரவத்திலிருந்து கால்சியத்தை எடுத்துவிட்டாலும் இதே கதைதான். நுண்பை திறக்கக் கால்சியம் வேண்டும், டாட் வழியே பின்னோக்கி வர அது வேண்டாம்.

இரண்டாவது துண்டிப்பு நுண்பை. ரெசெர்பின் என்ற மருந்து வீமாட்-2 வேலையை நிறுத்திவிடும். பைக்குள் ஏற முடியாத டோபமைனை மோனோஅமைன் ஆக்சிடேஸ் சிதைத்துவிட, சேமிப்பு காலியாகிவிடும். எலி அசைவற்றுக் கிடக்கும். இந்த நிலையில் கோகெய்ன் அதை எழுப்புவதில்லை. ஆம்ஃபெட்டமின் எழுப்பி நடமாட வைக்கிறது. இங்கேதான் பலரும் திகைப்பார்கள்: பை காலியாக இருக்கும்போது ஆம்ஃபெட்டமின் எதைத் தள்ளுகிறது? அப்போதுதான் தயாராகி உட்திரவத்தில் இருக்கும் புது டோபமைனை. இதைச் சோதிக்கவும் வழி உண்டு. டைரோசினிலிருந்து டோபமைன் தயாராவதையே ஆல்ஃபா-மெத்தில்-பாரா-டைரோசின் என்ற பொருளால் நிறுத்திவிட்டால், ஆம்ஃபெட்டமினின் அந்த விளைவும் நின்றுவிடுகிறது. மின்துடிப்பையும் நுண்பையையும் துண்டித்தால் கோகெய்ன் செயலிழக்கிறது, தயாரிப்பைத் துண்டித்தால் ஆம்ஃபெட்டமின் செயலிழக்கிறது. இந்த இரண்டு மருந்துகளின் வழியையும் பிரித்துக் காட்ட இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது.

8. டாட்டையே எடுத்துட்டா என்ன ஆகும்? ரெண்டுமே வேலை செய்யாதா?

டாட் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை மார்க் கேரன் குழுவினர் உருவாக்கி 1996-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெளியே வந்த டோபமைன் அந்த எலிகளில் சாதாரண எலிகளைவிடக் குறைந்தது 100 மடங்கு நேரம் தங்கியது. மருந்து எதுவும் இல்லாமலேயே அவை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. கோகெய்ன் கொடுத்தும் ஆம்ஃபெட்டமின் கொடுத்தும் அந்த ஓட்டம் மேலும் கூடவில்லை.

ஆம்ஃபெட்டமினைப் பொறுத்தவரை அதற்குப் பிறகு வந்த சோதனைதான் சுவையானது. இந்த எலிகளின் மூளைத் துண்டுகளில் ஆம்ஃபெட்டமின் ஊற்றினார்கள். அது சவ்வின் வழியே ஊடுருவி (நாலாம் பதிலில் சொன்ன இரண்டாவது வழி) நுண்பைகளைக் காலி செய்தது. ஆனால் செல்லுக்கு வெளியே டோபமைன் ஏறவில்லை. பையிலிருந்து கசிவது ஒரு படி, செல்லிலிருந்து வெளியேறுவது தனிப் படி, இரண்டாவதற்கு டாட் கட்டாயம் என்பது இதனால் உறுதியானது.

9. டாட் இல்லாத எலியும் கோகெய்னைத் தேடிப் போச்சுன்னு படிச்சேன். அப்போ டோபமைன் கதையே தப்பா?

சோதனை உண்மை, முடிவு அவசரப்பட்டது. அந்த எலிகள் நெம்புகோலை அழுத்தித் தமக்குத் தாமே கோகெய்ன் ஏற்றிக்கொண்டது 1998-ல் பதிவானது. கோகெய்ன் டாட்டை மட்டும் தடுப்பதில்லை. செரடோனின் கடத்தியையும் நார்அட்ரினலின் கடத்தியையும் ஏறத்தாழ அதே செறிவில் தடுக்கிறது. பிறந்ததிலிருந்து டாட் இல்லாமல் வளர்ந்த மூளை வேறு வகையில் தன்னைச் சரிக்கட்டிக்கொண்டிருக்கும், அதில் கிடைக்கும் விடையை அப்படியே சாதாரண மூளைக்குப் பொருத்த முடியாது.

இதைத் தீர்க்க இன்னொரு வகை எலியை உருவாக்கினார்கள். அதில் டாட் இருக்கிறது, டோபமைனை இழுக்கிறது, ஆனால் சில அமினோ அமிலங்கள் மாற்றப்பட்டதால் கோகெய்ன் அதில் சரியாக ஒட்டாது. 2006-ல் வந்த முடிவு: கோகெய்ன் அந்த எலிகளைத் துள்ள வைக்கவும் இல்லை, கோகெய்ன் கிடைத்த இடத்தை அவை விரும்பவும் இல்லை. ஆம்ஃபெட்டமினுக்கு மட்டும் வழக்கம்போல நடந்துகொண்டன. ஒரு புரதத்தின் ஒரு குழியில் செய்த மாற்றம் இரண்டு மருந்துகளையும் பிரித்துவிட்டது.

10. எது அதிகமா டோபமைனைக் கூட்டும்?

எலிகளில் செய்த மைக்ரோடயாலிசிஸ் ஆய்வுகளில் கோகெய்ன் வழக்கமாக அடிப்படை அளவைப்போல சில மடங்கு வரை கூட்டுகிறது. ஆம்ஃபெட்டமின் 10 மடங்கு வரை கொண்டுபோகும். அளவைப் பொறுத்து எண்கள் மாறும். ஆனால் ஆம்ஃபெட்டமினுக்கு உச்சவரம்பு உயரம் என்பது மாறுவதில்லை.

காரணம் ஒரு கடிவாளம். டோபமைன் செல்கள் தம் மேலேயே டி2 ஏற்பிகளை வைத்திருக்கின்றன. வெளியே டோபமைன் கூடினால் இந்த ஏற்பிகள் அதை உணர்ந்து செல்லின் துடிப்பைக் குறைக்கும். கோகெய்ன் அந்தத் துடிப்பையே நம்பியிருப்பதால், அது கூட்டக் கூட்ட செல் தன் வரத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆம்ஃபெட்டமின் கொடுத்தாலும் துடிப்பு குறையத்தான் செய்கிறது, ஆனால் டாட் வழியே பின்னோக்கி வருவதற்கும் துடிப்புக்கும் சம்பந்தமில்லை. கடிவாளம் இழுபட்டும் பயனில்லை.

11. கோகெய்ன் சீக்கிரம் இறங்கிடுது, ஆம்ஃபெட்டமின் நீண்ட நேரம் இருக்கு. இதுக்கும் இந்த வழிமுறைதான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. இரத்தத்திலுள்ள எஸ்டரேஸ் நொதிகளும் கல்லீரலும் கோகெய்னை விரைவாக உடைத்துவிடும், அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 1 மணி நேரம். ஆம்ஃபெட்டமினில் அப்படி எளிதில் உடையும் பிணைப்பு இல்லை, அரைவாழ்வு ஏறத்தாழ 10 மணி நேரம். இது வேதியியல் சார்ந்த வேறுபாடு. வழிமுறையைப் பார்த்து நேரத்தைக் கணிக்க முயல வேண்டாம்.

12. கவனக் குறைபாட்டுக்குக் கொடுக்கிற மெத்தில்ஃபெனிடேட் எந்த வகை? அது கோகெய்ன் மாதிரின்னு சொல்றாங்களே, பயமா இருக்கு.

வழிமுறைப்படி மெத்தில்ஃபெனிடேட் டாட்டை அடைப்பது, கோகெய்ன் பக்கம் நிற்பது. ஏழாம் பதிலில் சொன்ன ரெசெர்பின் சோதனையிலும் அது கோகெய்னைப் போலவே செயலிழக்கிறது. அதே குறைபாட்டுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் வெளித்தள்ளி. ஒரே நோய்க்கு இரு வகையும் பயன்படுகின்றன.

பயத்துக்கான விடை வேகத்தில் இருக்கிறது. நரம்பு வழியே ஏற்றிய கோகெய்ன் சில நிமிடங்களில் மூளையில் உச்சத்தைத் தொடுகிறது, ஏறத்தாழ 20 நிமிடத்தில் பாதி வெளியேறிவிடுகிறது. மாத்திரையாக விழுங்கிய மெத்தில்ஃபெனிடேட் மூளையில் உச்சமடைய ஒரு மணி நேரமாவது ஆகும். நோரா வால்கோவ் குழுவினர் மனிதர்களின் மூளையைப் படமெடுத்துச் செய்த ஆய்வுகளில், மருத்துவர் தரும் வழக்கமான அளவிலேயே மெத்தில்ஃபெனிடேட் பாதிக்கு மேற்பட்ட டாட்களை அடைப்பது தெரிந்தது. அப்படியும் அதை விழுங்கியவர்களுக்குக் கிறக்கம் வருவதில்லை. மெல்ல ஏறுவதை மூளை வேறுவிதமாக எடுத்துக்கொள்கிறது. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன விதத்தில் விழுங்குபவர் இந்த ஒப்பீட்டைக் கேட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. பொடித்து உறிஞ்சினாலோ ஊசியாக ஏற்றினாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

13. ரெண்டையும் சேர்த்து எடுத்தா டோபமைன் இரட்டிப்பாகுமா?

டாட்டை மட்டும் பார்த்தால் எதிர்மாறாக நடக்க வேண்டும். கோகெய்ன் குழியில் உட்கார்ந்திருந்தால் ஆம்ஃபெட்டமின் உள்ளே வர வழியும் அடைபடும், டோபமைன் பின்னோக்கி வெளியேற வழியும் அடைபடும். ஆய்வகத்தில் டாட் தடுப்பானை முதலில் கொடுத்தால் ஆம்ஃபெட்டமினின் வெளித்தள்ளல் குறைவதைக் காணலாம்.

ஆனால் இதை வைத்து யாரும் தைரியம் கொள்ளக் கூடாது. உயிரை எடுப்பது பெரும்பாலும் இதயமும் இரத்தக் குழாய்களும்தான். இரண்டு மருந்துகளும் நார்அட்ரினலினைக் கூட்டி இரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பத்தையும் ஏற்றுகின்றன. கோகெய்ன் இதயத்தின் சோடியம் வாயில்களையும் அடைத்து துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். இரண்டும் சேர்ந்தால் இந்தச் சுமை ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். இரண்டுக்கும் முறிமருந்து கிடையாது. நெஞ்சுவலி, வலிப்பு, கட்டுக்கடங்காத சூடு தெரிந்தால் அவசரச் சிகிச்சைக்குப் போவது ஒன்றே வழி.

14. நரம்பு முனையை எது அதிகம் கெடுக்கும்?

விலங்குகளில் கிடைத்த சான்று தெளிவானது. ஆம்ஃபெட்டமின் வகையைச் சேர்ந்த மெத்தாம்ஃபெட்டமினை அதிக அளவில் திரும்பத் திரும்பக் கொடுத்தால் டோபமைன் நரம்பு முனைகள் சேதமடைகின்றன. கோகெய்னில் இந்த வகைச் சேதம் வழக்கமாகக் காணப்படுவதில்லை. ஐந்தாம் பதிலுக்குத் திரும்பிப் போனால் காரணம் கிடைக்கும். நுண்பைக்குள் அமிலச் சூழலில் டோபமைன் பத்திரமாக இருக்கும். உட்திரவத்தில் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து குயினோன்களாகவும் தீவிர மூலக்கூறுகளாகவும் மாறி, சுற்றியுள்ள புரதங்களைத் தாக்கும். கோகெய்ன் டோபமைனை செல்லுக்கு வெளியே நிறுத்துகிறது, ஆம்ஃபெட்டமின் வகையோ முதலில் செல்லுக்குள்ளேயே கொட்டிவிடுகிறது.

இந்த விளக்கத்துக்கு இரண்டு துணைச் சான்றுகள் உண்டு. வீமாட்-2 பாதியாகக் குறைந்த சுண்டெலிகளில் மெத்தாம்ஃபெட்டமின் செய்யும் சேதம் அதிகம். டாட் தடுப்பான்களைக் கூடவே கொடுத்தால் சேதம் குறைகிறது. உடல் வெப்பம் ஏறுவதும் சேதத்தைக் கூட்டுகிறது என்பதால் எல்லாப் பழியையும் டோபமைன் மேல் மட்டும் போடவும் முடியாது.

கோகெய்ன் பாதுகாப்பானது என்று இதைப் படித்துவிடாதீர்கள். இங்கே பேசுவது ஒரு வகை நரம்பு முனையின் ஒரு வகைச் சேதம் பற்றி மட்டுமே. மாரடைப்பும் மூளையில் இரத்தக் கசிவும் கோகெய்னின் பக்கத்திலும் நிற்கின்றன.

15. கோகெய்ன் "முக்கியமாக" தடுக்கிறதுன்னு ஏன் எப்பவும் ஒரு ஒதுக்கு வச்சே சொல்றீங்க? தடுக்கிறதுன்னே சொல்லலாமே?

மறுஉறிஞ்சலைத் தடுப்பதைத் தவிர இன்னும் சிலவற்றையும் அது செய்வதால்தான். ஒன்பதாம் பதிலில் சொன்ன மற்ற இரண்டு கடத்திகள் ஒரு பக்கம். சோடியம் வாயில்களை அடைப்பது இன்னொரு பக்கம்; கார்ல் கோலர் 1884-ல் கண் அறுவைச் சிகிச்சைக்கு அதை மரத்துப்போக வைக்கும் மருந்தாகப் பயன்படுத்த முடிந்தது அதனால்தான். மூன்றாவதாக, நரம்பு முனையில் உடனடியாகப் பயன்படாமல் ஒதுங்கியிருக்கும் நுண்பைகளை கோகெய்ன் முன்னே கொண்டுவருவதாகவும் எலி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது உண்மையானால், தடுப்பது மட்டுமல்லாமல் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே வரும் அளவையும் அது கூட்டுகிறது. அப்போதும் துடிப்பு வந்தால்தான் அந்தப் பைகள் திறக்கும்.

16. அப்போ ஆம்ஃபெட்டமின் துடிப்பை ஒருபோதும் பயன்படுத்தாதா?

இங்கே நான் முதல் பதிலில் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அதிக அளவில் கொடுக்கும்போது படம் அப்படியே பொருந்தும்: பைகள் காலியாகின்றன, துடிப்பு வந்தாலும் அதில் கொட்ட அதிகம் இருப்பதில்லை, எல்லாம் டாட் வழியே பின்னோக்கி வருகிறது. மூளைத் துண்டுகளில் நடந்த பழைய சோதனைகள் பெரும்பாலும் இந்த நிலையைத்தான் கண்டன.

விழித்திருக்கும் எலிகளில், நொடிக்கும் குறைவான இடைவெளியில் டோபமைனை அளக்கக்கூடிய மின்வேதி முறையால் பின்னாளில் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. ஆம்ஃபெட்டமின் கொடுத்த பிறகும் துடிப்பால் வரும் குறுகிய டோபமைன் எழுச்சிகள் நின்றுவிடவில்லை, அவை பெரிதாகவும் அடிக்கடியும் வந்தன. அளவு குறைவாக இருக்கும்போது பைகள் முழுதாகக் காலியாவதில்லை. ஆம்ஃபெட்டமின் குழியில் உட்காரும் ஒவ்வொரு முறையும் டோபமைனின் இடத்தைப் பிடிக்கிறது, அதனால் அந்த நேரத்துக்கு அதுவும் ஒரு தடுப்பான்தான். மருத்துவ அளவில் அதன் விளைவில் எவ்வளவு பங்கு இந்தத் தடுப்பு, எவ்வளவு பங்கு வெளித்தள்ளல் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் எந்த அளவு, மூளைத் துண்டா விழித்திருக்கும் விலங்கா, துடிப்பு இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் எழுதிவிட்டு பிறகு விடையைத் தொடங்குங்கள்.